கேட்ட கிரேடு கிடைக்காதபோது: மாற்று எஃகுக்கு வாங்குபவரிடம் அனுமதி பெறுவது எப்படி

இயந்திரப் பட்டறையில் கொள்முதல் வேலைக்கு வருகிற எவரும் இரும்பு வியாபாரியிடமிருந்து ஒருநாள் இதைக் கேட்பார்கள்: “நீங்கள் கேட்டது கைவசம் இல்லை அண்ணா. அதற்குச் சமமானது இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான், வண்டியில் ஏற்றிவிடட்டுமா?” கோவையில் ஒரு நடுத்தரப் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாகக் கொள்முதலும் தரக்கட்டுப்பாடும் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்விக்கு அவசரத்தில் “சரி” என்று சொன்னவர்கள் பட்ட பாட்டைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒருமுறை நானும் பட்டிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களுக்காக, நாங்கள் சென்ற ஆண்டு செய்த ஒரு வேலையை வைத்தே முழு முறையையும் சொல்கிறேன்.

வேலை இது. சென்னைக்கு அருகே கியர்பாக்ஸ் செய்யும் ஒரு நிறுவனம் 240 ஷாஃப்ட் கேட்டிருந்தது. வரைபடம் ஜெர்மனியில் உள்ள அவர்களுடைய வடிவமைப்புப் பிரிவு போட்டது. அதில் மூலப்பொருள் 42CrMo4, பதப்படுத்திய நிலையில் இழுவலிமை 900 முதல் 1100 மெகாபாஸ்கல் வரை, பேரிங் அமரும் இடத்தில் மட்டும் இண்டக்‌ஷன் முறையில் 54 முதல் 58 எச்ஆர்சி கடினம் என்று இருந்தது. வாங்க வேண்டியது 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரவுண்டு, ஒரு துண்டுக்கு 420 மில்லிமீட்டர். இந்த விட்டத்தில் எஃகு மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ வரும் என்பதால் ஒரு துண்டு 21 கிலோ, மொத்தம் ஐந்து டன். எங்களுக்கு அது பெரிய ஆர்டர். ஆலைக்கோ ஐந்து டன் ஒரு பொருட்டே இல்லை. குறைந்தது 20 டன் எடுத்தால் உருட்டித் தருவோம், பத்து வாரம் ஆகும் என்றார்கள். நாங்கள் சரக்கு அனுப்ப வேண்டிய நாளுக்கு ஒன்பது வாரம்தான் இருந்தது.

கிடைக்கவில்லை என்பதை முதலில் காகிதத்தில் நிறுவுங்கள்

வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி “உண்மையிலேயே கிடைக்கவில்லையா, இல்லை மலிவாகக் கிடைப்பதைப் போடப் பார்க்கிறீர்களா?” என்பதாகத்தான் இருக்கும். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும். அதனால் மூன்று இடங்களிலாவது எழுத்தில் விசாரித்து, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். நாங்கள் ஆலையின் பதிலையும், கோவையிலும் சென்னையிலும் உள்ள இரண்டு இருப்பு வியாபாரிகளின் பதிலையும் மின்னஞ்சலில் வாங்கினோம். ஒருவரிடம் 42CrMo4 இருந்தது, ஆனால் 100 மில்லிமீட்டர் ரவுண்டு. இந்தத் தகவலை மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள். அது பிறகு எப்படிப் பயன்பட்டது என்று கீழே சொல்கிறேன்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு கட்டுப்பாடு தேவை. அனுமதி வரும்வரை மாற்று இரும்பை வாங்கி வைக்கலாம், ஆனால் வெட்டக்கூடாது. வெட்டாத பாரை வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்வார், அல்லது வேறு வேலைக்குப் போடலாம். 420 மில்லிமீட்டராக நறுக்கிய துண்டை யாரும் வாங்கமாட்டார்கள்.

“சமம்” என்ற அட்டவணையை நம்பாதீர்கள்

இணையத்தில் தேடினால் 42CrMo4, அமெரிக்க 4140, பழைய பிரிட்டிஷ் முறையின் இஎன்19, ஜப்பானிய எஸ்சிஎம்440 எல்லாம் ஒரே வரிசையில் சமம் என்று போட்டிருக்கும். அந்த அட்டவணை எதைத் தேடிப் பார்க்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். அதையே ஆதாரமாகக் கடிதத்தில் இணைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும் வடிவமைப்புப் பொறியாளருக்கு உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை அங்கேயே குறையும்.

ஏன் என்பதற்கு வேறொரு கிரேடு நல்ல எடுத்துக்காட்டு. 34CrNiMo6-க்கு 4340 சமம் என்று அதே அட்டவணைகள் சொல்கின்றன. முன்னதில் குரோமியம் 1.30 முதல் 1.70 சதவீதம். பின்னதில் 0.70 முதல் 0.90 சதவீதம். இரண்டு எல்லைகளும் எங்குமே தொட்டுக்கொள்வதில்லை. அதாவது ஒரே எஃகு இரண்டு கிரேடாகவும் இருப்பது முடியாத காரியம். பல வேலைகளுக்கு ஒன்றின் இடத்தில் மற்றொன்று உழைக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் பாகத்தை வடிவமைத்தவர். அட்டவணை போட்டவருக்கோ இரும்பு விற்பவருக்கோ அந்த உரிமை இல்லை.

42CrMo4-இன் நிலைமை இதைவிட நல்லது. அதன் எல்லைகளும் 4140-இன் எல்லைகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. விளிம்புகளில்தான் விலகுகின்றன. அந்த விளிம்புகளில்தான் நம் வேலை இருக்கிறது. வியாபாரியிடம் 4140-இல் இரண்டு ஹீட் இருந்தன. ஹீட் என்றால் ஒரே உலையில் ஒரே முறை உருக்கி ஊற்றிய எஃகு, ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. இரண்டின் ஆலைச் சான்றிதழையும் வரவழைத்து, வேறுபடக்கூடிய தனிமங்களை மட்டும் இப்படி எழுதிப் பார்த்தோம். எல்லாம் சதவீதம்.

| தனிமம் | 42CrMo4 | 4140 | முதல் ஹீட் | இரண்டாம் ஹீட் |
|---|---|---|---|---|
| கார்பன் | 0.38–0.45 | 0.38–0.43 | 0.40 | 0.41 |
| மாங்கனீசு | 0.60–0.90 | 0.75–1.00 | 0.93 | 0.86 |
| குரோமியம் | 0.90–1.20 | 0.80–1.10 | 0.86 | 0.97 |
| மாலிப்டினம் | 0.15–0.30 | 0.15–0.25 | 0.17 | 0.19 |
| பாஸ்பரஸ், உச்சம் | 0.025 | 0.035 | 0.019 | 0.016 |

இரண்டு ஹீட்டும் 4140 என்ற வகையில் குறையற்றவை. ஆனால் முதல் ஹீட்டில் மாங்கனீசு 42CrMo4-இன் மேல் எல்லையைத் தாண்டுகிறது, குரோமியம் கீழ் எல்லையைத் தொடவில்லை. இரண்டாம் ஹீட் எல்லாத் தனிமங்களிலும் 42CrMo4-இன் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. பெயர் மட்டும்தான் வேறு. கந்தகத்தையும் சிலிக்கனையும் இதேபோலப் பார்த்தோம், இரண்டாம் ஹீட்டில் அவையும் உள்ளேயே இருந்தன.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிரேடுக்கு அனுமதி கேட்காதீர்கள், ஒரு ஹீட்டுக்குக் கேளுங்கள். “42CrMo4-க்குப் பதில் 4140 போடலாமா?” என்று கேட்டால், பொறியாளர் அந்தக் கிரேடின் மிக மோசமான மூலையை நினைத்துத்தான் பதில் சொல்ல முடியும். பாஸ்பரஸ் 0.035, குரோமியம் 0.80 என்று வைத்துப் பார்ப்பார், மறுத்துவிடுவார். “இந்த எண்ணுள்ள ஹீட், அதன் சேர்மானம் இது, உங்கள் கிரேடின் எல்லைக்குள் முழுவதும் இருக்கிறது” என்று கேட்டால் அவர் கண்முன் இருப்பது ஒரு திட்டவட்டமான இரும்பு. அதற்கு ஆம் என்று சொல்வது அவருக்கு எளிது, அவருடைய மேலதிகாரியிடம் விளக்குவதும் எளிது.

முதல் ஹீட்டைப் பற்றி வியாபாரி ஒரு வாதம் வைத்தார். “தரநிலையிலேயே குரோமியத்துக்கு 0.05 வரை விலக்கு கொடுத்திருக்கிறார்கள், 0.86 என்றால் சரிதானே?” என்றார். அந்த விலக்கு உண்மைதான். ஆனால் அது உருக்கும்போது எடுத்த பகுப்பாய்வுக்கு உரியதல்ல. முடிந்த பாரிலிருந்து துண்டு எடுத்துச் சோதிக்கும்போது இடத்துக்கு இடம் வரக்கூடிய சிறு வேறுபாட்டுக்காகக் கொடுத்தது. ஆலைச் சான்றிதழில் இருக்கும் உருக்குப் பகுப்பாய்வு எல்லைக்குள் நேராகவே இருக்க வேண்டும். அனுபவமுள்ள வியாபாரிகளே இதில் தடுமாறுவார்கள், வாங்குபவரின் உலோகவியலாளர் தடுமாறமாட்டார்.

சான்றிதழைக் கையில் எடுத்துப் படியுங்கள்

சான்றிதழ் இஎன் 10204 தரநிலையின் 3.1 வகையாக இருக்கிறதா என்று பாருங்கள். உற்பத்திப் பிரிவைச் சாராத ஆலைப் பரிசோதகர் கையெழுத்திட்டது அது. வியாபாரி தன் கடிதத்தாளில் தட்டச்சு செய்து கொடுப்பது அதற்கு ஈடாகாது. பிறகு கிடங்குக்கே போய், பாரின் முனையில் குத்தியிருக்கும் ஹீட் எண் சான்றிதழில் உள்ள எண்தானா என்று பாருங்கள். நாங்கள் போனபோது பதினோரு பாரில் எண் தெளிவாக இருந்தது. இரண்டில் முனை ஏற்கெனவே அறுக்கப்பட்டு எண்ணே இல்லை. “எல்லாம் ஒரே கட்டில் வந்தது தம்பி” என்றார் கிடங்குக்காரர். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார், ஆனாலும் அந்த இரண்டையும் விட்டுவிட்டு வேறு இரண்டு எடுத்தோம். பிறகு எங்கள் செலவில் ஒரு ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோ பரிசோதனை செய்து, சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

இங்கே ஒரு சுருக்குவழி உண்டு, நேர்மையான சுருக்குவழி. ஒரு ஹீட் இரண்டு கிரேடுக்கும் பொருந்துமானால், இரண்டின் பெயரையும் போட்டுச் சான்றிதழ் தர முடியுமா என்று ஆலையைக் கேட்கலாம். சில ஆலைகள் தரும். தந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நாங்கள் கேட்டபோது, விற்று எட்டு மாதம் ஆன சரக்குக்குத் திருத்திய சான்றிதழ் தருவதில்லை என்று மறுத்துவிட்டார்கள். “நாமே 42CrMo4 என்று மாற்றி அச்சடித்துவிடலாமா?” என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ஆளோடு வேலை செய்வதை நிறுத்துங்கள். அது போலி ஆவணம். ஷாஃப்ட் நன்றாகவே உழைத்தாலும் அது போலி ஆவணம்தான்.

சேர்மானம் சரி, வலிமை வருமா?

சேர்மானம் ஒத்துப்போவதோடு வேலை முடியவில்லை. வரைபடம் கேட்பது வலிமை. அதைத் தீர்மானிப்பதில் பாரின் தடிமனுக்குப் பெரிய பங்கு உண்டு. சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தும்போது வெளிப்பகுதி வேகமாகக் குளிரும், நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும். அதனால் தடித்த பாரில் உள்ளே கடினம் குறையும். இதனால்தான் 42CrMo4-க்கே தரநிலை விட்டத்துக்கு விட்டம் வேறு வலிமை சொல்கிறது. 40-க்கு மேல் 100 மில்லிமீட்டர் வரை 900 முதல் 1100 மெகாபாஸ்கல். 100-க்கு மேல் 160 வரை 800 முதல் 950 மட்டும்.

ஆகவே 90 மில்லிமீட்டர் பாரிலேயே சோதிக்க வேண்டும். சிறிய துண்டைக் கடைந்து பதப்படுத்தினால் எந்த எஃகும் நல்ல எண் காட்டும், அது யாரையும் ஏமாற்றாது. நாங்கள் முழு விட்டத்தில் ஒரு துண்டு எடுத்தோம். 850 டிகிரி செல்சியஸில் சூடாக்கி எண்ணெயில் குளிர்வித்து, 600 டிகிரியில் டெம்பர் செய்தோம். பிறகு வெளிப்பரப்பிலிருந்து 12.5 மில்லிமீட்டர் உள்ளே மையம் வரும்படி சோதனைத் துண்டு கடைந்தோம். இழுவலிமை 985 மெகாபாஸ்கல், நீட்சி 15 சதவீதம் வந்தது. இண்டக்‌ஷன் செய்த இடத்தில் 55 முதல் 57 எச்ஆர்சி. முழு விட்டத் துண்டில் சோதித்ததையும், எந்த ஆழத்தில் எடுத்ததையும் அறிக்கையில் எழுதச் சொன்னோம். பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த கேள்விகளில் ஒன்று அதுவே.

பதப்படுத்தும் நிறுவனத்திடமும் கிரேடு மாறியதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பழைய வெப்பநிலையிலேயே ஏற்றுவார்கள். கார்பனோ மாலிப்டினமோ சற்று மாறினால் டெம்பர் வெப்பநிலையைப் பத்து இருபது டிகிரி மாற்ற வேண்டி வரலாம்.

யாரிடம் கேட்பது

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நமக்குப் பழக்கமானவர் வாங்குபவரின் கொள்முதல் அதிகாரி. தினமும் பேசுகிறவர், பில்லுக்கும் வண்டிக்கும் அவரைத்தான் கூப்பிடுவோம். அதனால் அவரிடமே கேட்போம். சரக்கு நேரத்துக்கு வர வேண்டும் என்ற கவலை அவருக்கும் இருப்பதால் அவரும் “போடுங்கள் சார், பார்த்துக்கொள்ளலாம்” என்பார்.

எனக்கு நடந்தது அதுதான், பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு வாங்குபவரிடம். தொலைபேசியில் ஒப்புதல் வாங்கி, வேலையை முடித்து அனுப்பினேன். அதற்குள் அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாறிவிட்டார். உள்வரும் சரக்கைச் சோதிப்பவர் சான்றிதழில் வேறு கிரேடு பார்த்ததும் மொத்தத்தையும் நிறுத்திவிட்டார். 23 நாள் சரக்கு அவர்கள் கிடங்கில் சிவப்பு அட்டையோடு கிடந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் தன் வேலையைச் செய்தார், நான்தான் ஒரு வரி எழுதி வாங்கவில்லை.

மூலப்பொருளை மாற்ற அனுமதிக்கும் அதிகாரம் வடிவமைப்புப் பிரிவுக்கு உரியது. அங்கே போகும் வழி பொதுவாக வாங்குபவரின் தரப்பிரிவு. சப்ளையர்களைப் பார்த்துக்கொள்ளும் தரப் பொறியாளர் ஒருவர் இருப்பார். கோரிக்கையை அவருக்கு அனுப்பி, கொள்முதல் அதிகாரிக்கு நகல் போடுங்கள். பல நிறுவனங்கள் இதற்கென்று சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன. கேட்டு வாங்குங்கள். உங்கள் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர்கள் படிவத்தில் இல்லாவிட்டால் நகராது.

சொல்லையும் சரியாகப் பயன்படுத்துங்கள். செய்வதற்கு முன்பு கேட்பது டிவியேஷன். செய்து முடித்த பிறகு, பொருந்தாத பொருளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பது கன்செஷன். ஐஎஸ்ஓ 9000 இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. நாம் கேட்பது முதலாவது. தவறுதலாக இரண்டாவதைக் கேட்டால், ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். வாகன உதிரிபாகமானால் ஐஏடிஎஃப் 16949 தரநிலை இன்னும் கண்டிப்பு: ஒப்புதல் பெற்ற பொருளிலிருந்தோ செய்முறையிலிருந்தோ விலகினால், வேலையை மேற்கொண்டு தொடர்வதற்கு முன்பே அனுமதி வேண்டும்.

வரைபடத்தில் “அல்லது சமமானது” என்று எழுதியிருந்தால் கேட்க வேண்டாமா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். அப்போதும் கேட்க வேண்டும். சமம் எது என்று தீர்மானிப்பவர் யார் என்று அந்த வரி சொல்வதில்லை. தகராறு வந்தால் அது நீங்களாக இருக்கப்போவதில்லை.

கடிதத்தில் என்ன எழுதுவது

எங்கள் கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

> வரைபடம், பாக எண், திருத்த எண், பர்சேஸ் ஆர்டர் எண் மேலே உள்ளபடி. வரைபடம் கேட்பது 42CrMo4, 90 மில்லிமீட்டர் ரவுண்டு. இந்த அளவில் இப்போது இருப்பு இல்லை, ஆலை பத்து வாரம் கேட்கிறது. மூன்று பதில்களும் இணைப்பில்.
>
> இந்த ஆர்டரின் 240 துண்டுகளுக்கு மட்டும், 4140 கிரேடின் கீழ் சான்றளிக்கப்பட்ட ஒரே ஒரு ஹீட்டைப் பயன்படுத்த அனுமதி கோருகிறோம். ஹீட் எண் இணைப்பில்.
>
> வேறுபாடு: சான்றிதழில் கிரேடின் பெயர் 4140 என்று இருக்கும். 4140 தரநிலை பாஸ்பரஸை 0.035 வரை அனுமதிக்கிறது, குரோமியத்தை 0.80 வரை இறங்க விடுகிறது, மாங்கனீசை 1.00 வரை ஏற விடுகிறது. இந்த ஹீட்டில் அவை 0.016, 0.97, 0.86. எல்லாத் தனிமங்களும் 42CrMo4-இன் எல்லைக்குள் உள்ளன.
>
> முழு விட்டத் துண்டில் பதப்படுத்திச் சோதித்த முடிவுகள் இணைப்பில். அளவுகள், கடினம், மற்ற எல்லாத் தேவைகளும் வரைபடப்படியே இருக்கும். விலையில் மாற்றம் இல்லை.
>
> மாற்று வழி: 42CrMo4, 100 மில்லிமீட்டர் ரவுண்டு இருப்பில் உள்ளது. அதைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1.2 டன் கூடுதல் எஃகும் கூடுதல் கடைசல் நேரமும் ஆகும்.
>
> இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் முடிவு கிடைத்தால் ஒப்புக்கொண்ட நாளில் சரக்கு அனுப்ப முடியும். அனுமதி வரும்வரை வெட்டும் வேலை தொடங்காது.

“வேறுபாடு” என்ற பத்தியை நாமே எழுதுவதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். நம் இரும்பின் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அந்த வேறுபாட்டை அவர் எப்படியும் கண்டுபிடிப்பார். அவர் கண்டுபிடித்தால் நாம் மறைத்ததாக ஆகும். நாம் எழுதினால் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறோம் என்று ஆகும்.

100 மில்லிமீட்டர் ரவுண்டைப் பற்றிய தகவலைச் சேர்த்ததும் வீண் போகவில்லை. அது இல்லாவிட்டால் அவருக்கு முன் இருப்பது ஆம், இல்லை என்ற இரண்டே பதில். அது இருந்தால் “இல்லை” என்று சொன்னாலும் எல்லோருக்கும் ஒரு வழி மிஞ்சும். அதே தரநிலைப் பட்டியலில் 100 மில்லிமீட்டர் வரை ஒரே வலிமை எல்லை என்பதால் அந்த வழி உண்மையிலேயே நடக்கக்கூடியது. 110 மில்லிமீட்டர் மட்டும் இருந்திருந்தால், பதப்படுத்துவதற்கு முன்பே அதை 90-க்கு அருகே கடைந்து இறக்க வேண்டியிருக்கும்.

கேள்விகள் வரும், வரட்டும்

ஆறாவது நாள் தரப் பொறியாளர் கூப்பிட்டார். ஜெர்மனியிலிருந்து மூன்று கேள்விகள். சோதனைத் துண்டு எந்த ஆழத்தில் எடுத்தது? எஃகின் உள்ளே இருக்கும் கசடின் அளவுக்கு ஆலை மதிப்பீடு உண்டா? கிடங்கில் இருக்கும் எல்லாப் பார்களும் அதே ஹீட் என்று எப்படித் தெரியும்? முதலாவதுக்கு அறிக்கையிலேயே பதில் இருந்தது. இரண்டாவது ஆலைச் சான்றிதழின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, நாங்கள் முதல் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தோம். மூன்றாவதுக்கு ஒவ்வொரு பாரின் முனையையும் படம் எடுத்து அனுப்பினோம். இந்தக் கேள்விகளை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுக்க நினைப்பவர் கேள்வி கேட்டு நேரத்தைச் செலவழிப்பதில்லை.

இடைப்பட்ட நாட்களில் கொள்முதல் அதிகாரியிடமிருந்து நெருக்கடி வரும். “கிடைத்துவிடும் சார், வெட்டத் தொடங்குங்கள்” என்றார் அவர். “நீங்கள் அதை மின்னஞ்சலில் எழுதி, வேண்டாம் என்று முடிவானால் வெட்டியதற்கு உங்கள் நிறுவனம் பணம் தரும் என்று ஒரு வரியும் சேருங்கள் சார், இன்றைக்கே தொடங்குகிறோம்” என்றேன். எழுதவில்லை, நாங்களும் வெட்டவில்லை. உறவு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பதினேழாவது நாள் கையெழுத்திட்ட படிவம் வந்தது.

அனுமதி வந்த பிறகு

அனுமதித் தாளை வரி வரியாகப் படியுங்கள். எங்களுக்கு வந்ததில் எண்ணிக்கை 240, ஹீட் எண் ஒன்று, செல்லுபடியாகும் காலம் மூன்று மாதம். கூடவே ஒரு நிபந்தனை: இண்டக்‌ஷனுக்குப் பிறகு எல்லா ஷாஃப்ட்டுக்கும் விரிசல் சோதனை. அந்த நிபந்தனைக்கான செலவை நாங்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. வேலை தொடங்கும் முன்பே பேசி, பாதியை அவர்கள் ஏற்றார்கள். முடித்த பிறகு பேசியிருந்தால் ஏற்றிருக்கமாட்டார்கள்.

பட்டறைக்குள் கலப்படம் நேராமல் பார்ப்பது அடுத்த வேலை. அதே வாங்குபவருக்கு வேறு அளவில் அசல் 42CrMo4-உம் எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிய பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. மாற்று ஹீட்டின் ஒவ்வொரு பாருக்கும் முழு நீளத்துக்கு மஞ்சள் வண்ணப்பட்டை அடித்தோம். வெட்டிய துண்டின் முகத்தில் ஹீட்டின் கடைசி மூன்று இலக்கங்களைக் குத்தினோம். கடையும்போது அந்த முகம் போய்விடும் என்பதால், கடைந்தவர் கையோடு மறு முகத்தில் குத்திவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும் என்று வைத்தோம். முதல் நாள் இரவு ஷிப்டில் நான்கு துண்டுகள் எண் இல்லாமல் வந்தன. நான்கையும் ஒதுக்கினோம். உபரியாக ஆறு துண்டு வெட்டி வைத்திருந்ததால் 240 குறையவில்லை.

அனுப்பும்போது ஒவ்வொரு பெட்டியிலும், டெலிவரி சலானிலும், சான்றிதழோடு வைக்கும் உறைக்கடிதத்திலும் அனுமதி எண்ணை எழுதுங்கள். 23 நாள் கிடந்த சரக்கின் கதை இந்த ஒரு வரி இல்லாததால் நடந்தது. உள்வரும் சோதனையில் நிற்பவருக்கு உங்கள் மின்னஞ்சல்கள் எதுவும் தெரியாது. அவர் கையில் இருப்பது பெட்டியும் சான்றிதழும்தான்.

அனுமதிக் கோப்பையும் ஹீட் வாரியான பட்டியலையும் பத்திரப்படுத்தி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து ஒரு ஷாஃப்ட் முறிந்தால், எந்த ஹீட், யார் அனுமதித்தது என்று அப்போதுதான் கேட்பார்கள்.

ஐந்து மாதம் கழித்து அதே பாகத்துக்கு மீண்டும் ஆர்டர் வந்தது. கொள்முதலுக்குப் புதிதாக வந்த பெண் பழைய கோப்பைப் பார்த்துவிட்டு 4140-க்கே விலை கேட்டிருந்தாள். அந்த அனுமதி 240 துண்டோடு முடிந்துவிட்டது என்று சொல்லி, ஆலையிடம் 42CrMo4-க்கு இப்போதே கேட்கச் சொன்னேன். இந்த முறை சரக்குக்கு பதினாறு வாரம் இருக்கிறது. இன்னொரு பட்டறையோடு சேர்ந்து 20 டன்னாக எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.